போர்வெல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"ஐயா, வணக்கம். போர்வெல் தண்ணீரைப் பற்றி எனக்கு விளக்குங்கள்."

வணக்கம். யார் கேட்டாலும் பொருந்தக்கூடிய விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று நம் கொங்குப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் மண்ணுக்குக் கீழே கிடப்பது கெட்டியான கருங்கல் பாறை. விரிசல் இல்லாத கருங்கல்லுக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. வெயிலும் மழையும் காலங்காலமாகச் சிதைத்துப் பொரபொரப்பாக்கிய மேலடுக்கிலும், அதற்குக் கீழே பாறையின் ஊடாகச் செல்லும் விரிசல்களிலும்தான் மழைநீர் ஊறிச் சென்று தங்குகிறது. போர் போடுவது என்றால், அந்த விரிசல்களில் ஒன்றையோ சிலவற்றையோ குறுகிய துளையால் வெட்டுவது. வெட்டுப்பட்ட விரிசல் வழியாக நீர் துளைக்குள் கசிந்து சேர்கிறது; மோட்டார் அதை மேலே ஏற்றுகிறது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் இவ்வளவே போதும்.

இதற்கு மேல் ஆழமாகச் செல்வதற்கு முன் நான் உங்களைச் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஒரு வரியிலிருந்து நீங்கள் யார், இதுவரை என்ன தெரிந்திருக்கிறது என்பதை என்னால் அறிய முடியவில்லை. இதே வரியைப் பள்ளி மாணவர் ஒருவர் எழுதியிருக்கலாம். பல்லடம் பக்கம் முதன்முறையாக நிலம் வாங்கப்போகிற ஒருவர் எழுதியிருக்கலாம். தன் தோட்டத்தில் ஏற்கெனவே மூன்று நான்கு போர் போட்டு, அவற்றில் பாதி வற்றிப்போன விவசாயியும் எழுதியிருக்கலாம். மாணவரிடம் மோட்டாரின் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவது வீண். அந்த விவசாயியிடம் போய் மழை ஊறி மண்ணுக்குள் இறங்கும் என்று தொடங்கினால், அவர் இருபது ஆண்டாகக் கண்ணால் பார்ப்பதை அவருக்கே திருப்பிச் சொன்னதாகிவிடும்.

முதல் கேள்வி இது: தொள்ளாயிரம் அடி போட்ட ஒரு போரின் அடியில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? நிலத்துக்கு அடியில் ஆறு ஓடுகிறது, அல்லது ஏரி போலத் தேங்கிக் கிடக்கிறது என்பது உங்கள் மனத்தில் உள்ள படமாக இருந்தால், முதலில் அந்தப் படத்தை மாற்றிய பிறகுதான் மற்றவற்றைச் சொல்ல முடியும். மாற்றாமல் மேலே சென்றால், நான் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் நீங்கள் அந்த ஏரியின் அளவாகவே எடுத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது கேள்வி: "ரெண்டு இஞ்சு தண்ணி" என்று போர் போடும் ரிக் வண்டிக்காரர் சொன்னால், அது ஓர் இஞ்சைப் போல எத்தனை மடங்கு என்று சொல்வீர்கள்? இரண்டு மடங்கு என்பது உங்கள் விடையானால் அளவுகளை அடியிலிருந்து விளக்க வேண்டும். ஐந்து மடங்குக்கு மேல் என்று உடனே சொல்லிவிட்டால், நீங்கள் இந்தத் தொழிலுக்கு அருகில் இருப்பவர். நேராகக் கணக்குக்குள் போகலாம்.

மூன்றாவது கேள்வி: இந்த விளக்கத்தைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? புதிதாக ஒரு போர் போடுவதா, இருக்கிற போர் ஏன் விட்டு விட்டு ஊற்றுகிறது என்று கண்டுபிடிப்பதா, தேர்வு எழுதுவதா, நிலத்தின் விலையை முடிவு செய்வதா? பாறை எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், எந்த இடத்தில் ஆழமாகச் செல்ல வேண்டும் என்பதை இந்த விடைதான் தீர்மானிக்கும்.

நீங்கள் பதில் எழுதும் வரை வெறுமனே காத்திருக்க வேண்டாம் என்பதற்காக, எளிய இடத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஆழமாக்கி எழுதுகிறேன். தெரிந்த பகுதியைக் கடந்து செல்லுங்கள். புரியாத இடம் எங்கே வருகிறதோ அங்கே நிறுத்தி, அந்த இடத்தை எனக்கு எழுதுங்கள். அதுவே மேற்கண்ட கேள்விகளுக்கும் விடையாகிவிடும்.

பாறையைப் பற்றி முதலில் பார்ப்போம். சொல்லிப் புரியவைப்பதைவிட, வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கல்குவாரியின் செங்குத்தான சுவரைத் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. மேலே சில அடிக்குச் செம்மண்ணோ கரிசலோ இருக்கும். சில இடங்களில் அதன் கீழே வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான்கல் தெரியும். அதற்குக் கீழே, கடப்பாரையால் குத்தினால் உதிரக்கூடிய சிதைந்த பாறை சில பத்து அடிகளுக்கு இருக்கும். அதன் பிறகு கெட்டிப் பாறை. அந்தக் கெட்டிப் பாறையிலும் கோடுகள் போல விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வதைக் காணலாம். மழைக்காலத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால், சுவரின் பெரும்பகுதி காய்ந்திருக்க, சில விரிசல்களின் ஓரத்தில் மட்டும் ஈரம் வழிந்து கறுத்திருக்கும். போர் தேடிப் போவது அந்த ஈரக் கோட்டைத்தான். ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. அருகருகே போட்ட இரண்டு போர்களில் ஒன்றில் தண்ணீர் பீறிட, மற்றொன்றில் வெறும் புகை வருவதற்கும் இதுவே காரணம். ஒரு துளை விரிசலை வெட்டியது; மற்றொரு துளை அதைத் தவறவிட்டது.

இந்த அமைப்பில் இரண்டு பகுதிகளுக்கும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. சிதைந்த மேலடுக்குத்தான் சேமிப்பு இடம். கெட்டிப் பாறையின் விரிசல்கள் பெரும்பாலும் வழிகள் மட்டுமே. அவற்றுக்குள் நிற்கும் நீரின் அளவு மிகவும் குறைவு. ஒரு ஏக்கரில் முப்பது அடி கனத்துக்குச் சிதைந்த பாறை நீரில் ஊறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் வடிந்து வரக்கூடியது என்று எடுத்தால், ஏறத்தாழ ஏழு லட்சம் லிட்டர் கிடைக்கும். அதே கனத்துக்கு விரிசலோடிய கெட்டிப் பாறை தருவது இதில் ஒரு சிறு பங்குதான். நம் முன்னோர் அகலமான பெரிய கிணறுகளை அறுபது, எண்பது அடிக்கு வெட்டியது இந்த மேலடுக்கின் நீரைச் சேர்த்து வைக்கத்தான். பிற்காலத்தில் கிணற்றுக்குள்ளேயே படுக்கைவாட்டில் சைடு போர் போட்டதும் அதே அடுக்கின் நீரை இன்னும் கொஞ்சம் கூட்டி வரத்தான். ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு இந்த மேலடுக்கை நாம் மறந்தோம். ஆனால், ஆழத்தில் வெட்டிய விரிசலுக்கு நீர் கொடுப்பதும் பெரும்பாலும் அதே மேலடுக்குத்தான்.

ரிக் வண்டி வேலை செய்வதைப் பார்த்திருந்தால் அடுத்த பகுதி எளிதாக விளங்கும். திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுவதும் செல்லும் அந்த வண்டிகளில், கம்ப்ரசரின் காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியல் துளையின் அடியில் பாறையை இடித்துக்கொண்டே இறங்கும். அதே காற்று இடிபட்ட பொடியை மேலே தள்ளும். மேலே உள்ள மண்ணும் சிதைந்த பாறையும் சரிந்து விழாமல் இருக்க, கெட்டிப் பாறை தட்டுப்படும் வரை கேசிங் பைப் இறக்குவார்கள். அதன் கீழே துளை வெறும் பாறையாகவே நிற்கும். விரிசல் இல்லாத இடத்தில் காய்ந்த பொடி புகையாக வரும். ஈர விரிசலை வெட்டியதும் பொடி சேறாகும். விரிசல் பெரிதாக இருந்தால் நீர் காற்றோடு பீறிட்டு எழும். எத்தனையாவது அடியில் பொடி நனைந்தது, எத்தனையாவது அடியில் நீர் கூடியது என்பதை அந்த நேரத்திலேயே ஒரு தாளில் எழுதி வைக்கும்படி எல்லோரிடமும் நான் வற்புறுத்துவேன். மோட்டாரை எந்த ஆழத்தில் தொங்கவிட வேண்டும் என்பதைப் பின்னால் முடிவு செய்ய உதவும் முக்கியமான தகவல் அதுதான். அன்று எழுதவில்லை என்றால், துளைக்குள் கேமராவை இறக்கித்தான் அதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

ஆழம் கூடக்கூட விரிசல்கள் குறையும். மேலே உள்ள பாறையின் எடை அவற்றை இறுக்கி மூடுவதே காரணம். ஆயிரம் அடிக்குக் கீழேயும் நீர் கிடைப்பதுண்டு. கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் முந்நூறு அடியில் ஒரு விரிசலைச் சந்திக்கும் வாய்ப்பும் எண்ணூறிலிருந்து ஆயிரத்து நூறு வரையிலான முந்நூறு அடியில் அதே வாய்ப்பும் சமமல்ல. ரிக்கோ அடிக்கணக்கில்தான் காசு வாங்குகிறது. ஆழம் போகப்போக அடிக்கான விலையும் ஏறும். "இன்னும் நூறு அடி போட்டுப் பார்க்கலாம்" என்ற முடிவை நள்ளிரவில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுக்காமல், அதற்கான எல்லையை வண்டி வருவதற்கு முந்தைய நாளே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இடம் பார்ப்பதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். தேங்காயையோ வேப்பங்குச்சியையோ கையில் வைத்துப் பார்ப்பவர்கள் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்ததாகப் பலர் கூறுவது உண்மைதான். ஆனால் சிதைந்த அடுக்கு கனமாக உள்ள நிலத்தில் பெரும்பாலான இடங்களில் கொஞ்சமாவது நீர் வரும் என்பதால், வந்த தண்ணீர் அந்த முறைக்குச் சான்றாகாது. மின்தடையை அளக்கும் கருவி மேலடுக்கு எவ்வளவு கனம், கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை நன்றாகவே காட்டும். அறுநூறு அடியில் இருக்கும் தனி விரிசல் ஒன்றை மேலிருந்து அந்தக் கருவியால் பிரித்துக் காட்ட முடியாது. அவ்வளவு ஆழத்தில் ஊற்று இருக்கிறது என்று ஒருவர் அடிக்கணக்கோடு உறுதி கூறினால், எந்தக் கருவியைக் கையில் வைத்திருந்தாலும் நம்ப வேண்டாம்.

இதுவரை சொன்னது தெளிவாக இருந்தால், இரண்டாவது கேள்வியில் கேட்ட இஞ்சுக் கணக்குக்கு வரலாம். பீறிடும் நீரை ஒரு வாய்க்காலில் திருப்பி, முக்கோணமாக வெட்டிய தகட்டின் வழியாக வழியவிட்டு, வெட்டின் கூர்முனையிலிருந்து நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பதே முறையான அளவு. முக்கோணத்தில் நீர் உயர உயர அதன் அகலமும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. அதனால் உயரம் இரு மடங்கானால் நீரின் அளவு ஏறத்தாழ ஐந்தரை மடங்குக்கு மேல் போகிறது. செங்கோண வெட்டாக இருந்தால் ஓர் இஞ்சு என்பது மணிக்குச் சுமார் 500 லிட்டர்; ஒன்றரை இஞ்சு 1,400 லிட்டர்; இரண்டு இஞ்சு 2,900 லிட்டர்; மூன்று இஞ்சு கிட்டத்தட்ட 8,000 லிட்டர். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையிலான அந்த அரை இஞ்சில் தண்ணீர் இரண்டு மடங்காகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கண்மதிப்பாக "ரெண்டு இஞ்சு இருக்கும்" என்று சொல்லப்படும் போரில் உண்மையில் ஒன்றரைதான் இருந்தால், நீங்கள் எதிர்பார்த்ததில் பாதித் தண்ணீர்தான் கிடைக்கும். தகடு வைத்து அளந்தாரா, எத்தனை நிமிடம் ஊதிய பிறகு அளந்தார் என்ற இரண்டையும் கேட்காமல் இஞ்சுக் கணக்கை ஏற்க வேண்டாம். முதலில் வரும் நீரில், விரிசலை ஒட்டி நெடுநாள் நின்றிருந்த நீரும் சேர்ந்தே வெளியேறும். அரைமணி நேரமாவது ஊதிய பிறகு நிற்கும் அளவே ஓரளவு நம்பத்தக்கது.

இப்போது ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு இது என்றாலும், இந்த எண்களைப் போன்றவற்றைப் பொங்கலூர், பல்லடம் வட்டாரத் தோட்டங்களில் பார்க்கலாம். போரின் ஆழம் 900 அடி. துளையின் விட்டம் ஆறரை இஞ்சு. மோட்டார் ஓடாமல் ஒரு நாள் நிறுத்தி வைத்தால் நீர் 150 அடியில் வந்து நிற்கிறது. மோட்டாரை 700 அடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது மணிக்கு 3,000 லிட்டர் எடுக்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நன்றாக ஊற்றுகிறது; அதன் பிறகு காற்றும் நீருமாக விட்டு விட்டு வருகிறது. "போர் வற்றிவிட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

ஆறரை இஞ்சுத் துளையில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறத்தாழ ஆறரை லிட்டர். இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 150 அடிக்கும் 700 அடிக்கும் இடையில் 550 அடி நீர் நிற்கிறது. அதாவது சுமார் 3,600 லிட்டர். இரவெல்லாம் துளைக்குள் சேர்ந்து நின்ற நீர் இது. மோட்டார் முதலில் இறைப்பதில் பெரும்பகுதி இந்த இருப்புத்தான். இருப்பு மட்டும்தான் என்றால், மணிக்கு 3,000 லிட்டர் வீதம் எடுக்கும்போது ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியது என்றால், இடையில் விரிசல் வழியாகவும் நீர் வந்துகொண்டே இருந்தது என்று பொருள். அந்த வரத்து எவ்வளவு என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மோட்டாரை நிறுத்துங்கள். நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று உடனே அளந்து எழுதுங்கள். சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்து எழுதுங்கள். அளவு நாடாவின் நுனியில் எடை கட்டி, பைப்பிலும் கேபிளிலும் சிக்காமல் இறக்கலாம். பெரிய ஆழத்துக்கு, நீரைத் தொட்டதும் ஒலியெழுப்பும் அளவுக் கருவி வைத்திருப்பவரை அழைப்பதே பாதுகாப்பு. 700 அடியில் இருந்த மட்டம் ஒரு மணி நேரத்தில் 580 அடிக்கு ஏறியிருந்தால், 120 அடி உயரத்துக்கு நீர் சேர்ந்திருக்கிறது. அதை ஆறரையால் பெருக்கினால் 780 லிட்டர். உங்கள் போரின் உண்மையான வரத்து மணிக்குச் சுமார் 800 லிட்டர் என்பது தெரிந்துவிட்டது. இதை வைத்துத் திருப்பிச் சரிபார்க்கலாம்: மோட்டார் 3,000 எடுக்க, விரிசல் 800 தர, இருப்பு மணிக்கு 2,200 வீதம் குறையும், 3,600 லிட்டர் இருப்பு ஒரு மணி நாற்பது நிமிடத்தில் தீரும். தோட்டத்தில் பார்த்ததும் இதுவே.

ஆகவே இந்தப் போர் வற்றவில்லை, மோட்டார்தான் பெரியது. நாளொன்றுக்கு நான்கு மணி நேர ஓய்வுகளோடு மூன்று முறை ஓட்டினாலோ, வரத்துக்கு ஏற்றாற்போல் சிறிய மோட்டாரையோ கம்ப்ரசரையோ வைத்துத் தொட்டியில் சேர்த்துக்கொண்டாலோ, இதே போரிலிருந்து நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் எடுக்க முடியும். ஒரு மணிக்கு 800 என்பதை 24 ஆல் பெருக்கி 19,000 என்று எழுதிவிடக் கூடாது. துளையில் மட்டம் மேலே ஏற ஏற விரிசலிலிருந்து வரும் வேகம் குறையும். மட்டம் ஆழத்தில் இருக்கும்போது அளந்த வரத்தே அதிகபட்சம். மாறாக, ஒரு மணி நேரத்தில் பத்து அடிதான் ஏறியது என்று வந்திருந்தால், அது மணிக்கு 65 லிட்டர். அந்தப் போருக்கு எந்த மோட்டார் வைத்தாலும் பயனில்லை. சில நாள் நிறுத்தி வைத்திருந்தால் இரண்டு போர்களும் சுவிட்சைப் போட்டவுடன் ஒரே மாதிரிதான் ஊற்றும் என்பதால், முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்து நிலம் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். நிலம் வாங்குவதற்காகக் கேட்டிருந்தால், முன்கூட்டியே நிறுத்தி வைத்த போரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் காட்டுவதை ஏற்காதீர்கள். தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் ஓடவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் வரும் நீரைத் தொட்டியில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். கோடையில் அளந்தால் இன்னும் நல்லது.

இதற்கும் அடுத்த ஆழம், அந்த 800 லிட்டர் எத்தனை ஆண்டுக்கு வரும் என்பது. இங்கே துளையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கோவை, திருப்பூர்ச் சமவெளியில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. 650 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு ஏக்கரில் விழும் நீர் 26 லட்சம் லிட்டர். இந்தப் பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் கீழே இறங்கி நிலத்தடி நீராகிறது; மற்றது ஆவியாகவும், பயிரின் வழியாகவும், ஓடையிலும் போய்விடுகிறது. தாராளமாகப் பத்தில் ஒன்று என்றே வைப்போம்: ஏக்கருக்கு ஆண்டுக்கு 2.6 லட்சம் லிட்டர்.

அதே ஏக்கரில் எழுபது தென்னை இருக்கின்றன. சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் என்றால் 5,600 லிட்டர். மழையில்லாத இருநூறு நாளுக்குப் பதினொரு லட்சம் லிட்டர். அப்படியானால் ஓர் ஏக்கர் தென்னை, நான்கு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இறங்கிய மழையைக் குடிக்கிறது. சுற்றிலும் மானாவாரிச் சோளமும் கொழுக்கட்டைப்புல் வளர்ந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலமும் இருந்த காலத்தில் இந்தக் கணக்கு ஒத்துவந்தது. எல்லாத் தோட்டமும் தென்னையாகவோ வாழையாகவோ மாறும்போது, விரிசல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கு நீர் கொடுக்கும் மேலடுக்கு காலியாகிவிடும். உங்கள் புதிய ஆயிரம் அடிப் போரில் தண்ணீர் வந்த மாதத்திலேயே பக்கத்துத் தோட்டத்து முந்நூறு அடிப் போர் நின்றுபோவதும் இதனால்தான். புதிய நீர் எதுவும் கிடைத்துவிடவில்லை. இருந்த நீரை இன்னும் தாழ்ந்த இடத்திலிருந்து இழுக்கும் வழி ஒன்று திறந்திருக்கிறது. இதை அண்டைத் தோட்டத்தார் ஒருவரோடு ஒருவர் கணக்காகப் பேசுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

வாய்க்கால் பாசனப் பகுதிகளில் கணக்கு வேறு. கீழ்பவானி, பரம்பிக்குளம் ஆழியாறு, காலிங்கராயன் வாய்க்கால்களில் நீர் ஓடும் காலத்தில் வயலிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் இறங்கும் நீர் கிணறுகளை நிரப்புகிறது. மழை கொடுப்பதைவிட அங்கே அது பெரிய வரவு. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில் பவானியின் உபரி நீரைக் குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசெல்வதன் நோக்கமும் இந்த மேலடுக்கை நிரப்புவதுதான். உங்கள் தோட்டம் அப்படிப்பட்ட ஒரு குளத்துக்கு அருகில் இருந்தால், குளம் நிரம்பிய எத்தனை நாளில் உங்கள் கிணற்றில் மட்டம் ஏறுகிறது என்று பார்த்து வாருங்கள். சில நாளில் ஏறினால் இரண்டுக்கும் நல்ல தொடர்பு இருக்கிறது. மாதங்கள் ஆனாலும் அசையவில்லை என்றால் இடையில் கெட்டிப் பாறை மேடு இருக்கலாம், அல்லது குளத்தின் அடியில் வண்டல் படிந்து நீரை இறங்கவிடாமல் தடுக்கலாம்; வண்டலை எடுத்தால் பலன் தெரியும்.

பழைய கிணறு ஒன்று வற்றிக் கிடந்தால் அதைக் குப்பை கொட்டி மூடிவிடாதீர்கள். சுற்றுச்சுவரைச் சரிசெய்து காப்பாக வைத்துக்கொண்டால், மேலடுக்கின் நிலையை நேரடியாகக் காட்டும் அளவுமானி அது. மழைநீரிலுள்ள மண்ணை வடிகட்டி அதற்குள் இறக்கலாம். போருக்குள் நேரடியாக மழைநீரை விடுவதை மட்டும் தவிருங்கள். கலங்கல் நீரோடு போகும் வண்டல் விரிசலின் வாயை அடைத்துவிட்டால், மணிக்கு 800 தந்த போர் 300 தரும் நிலைக்கு வந்துவிடும். மாட்டுக் கொட்டகைக் கழிவு கலந்தால் குடிநீரும் கெடும்.

ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், மோட்டார் ஓடுவதற்கு முன் காலையில், கிணற்றின் மட்டத்தையும் போரின் மட்டத்தையும் அளந்து மோட்டார் அறைச் சுவரில் எழுதி வாருங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் மேலடுக்கு காலியாகிறது; அந்த ஆண்டு புதிய போர் போடுவதில் காசைச் செலவிடாமல், தண்ணீர்த் தேவையைக் குறைக்கும் வழியைப் பாருங்கள். கிணற்றில் மட்டம் அப்படியே இருக்க, போரில் மட்டும் வரத்து குறைந்தால் கோளாறு துளைக்குள் இருக்கிறது: விரிசல் வாய் அடைத்திருக்கலாம், சரிந்த கல் வழியை மறித்திருக்கலாம். அப்போது ரிக்கை வரவழைத்து மறுபடி ஊதிச் சுத்தம் செய்வது புதிய போரைவிட மிகக் குறைந்த செலவில் முடியும். எனக்குப் பதில் எழுதும்போது போரின் ஆழம், கேசிங் இறக்கிய அடி, தண்ணீர் வந்த அடி, மோட்டார் தொங்கும் அடி, நிறுத்திய ஒரு மணி நேரத்தில் மட்டம் ஏறிய அடி ஆகிய ஐந்தும் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். தெரியாதவற்றைத் தெரியாது என்றே குறிப்பிடுங்கள்.